ஷிஃப்ட் மாற்ற அறிவிப்பைத் தமிழில் எழுதுவது

"கொதிகலன் பராமரிப்புக்காக வெள்ளி இரவு 10 முதல் திங்கள் காலை 7 வரை உற்பத்தி இல்லை, திங்களன்று முதல் ஷிஃப்ட் 6 மணிக்குப் பதில் 7 மணிக்கு. ஆங்கிலக் குறிப்பைப் பார்த்து 'உற்பத்தி தற்காலிகமாக இடைநிறுத்தப்படுகிறது' என்று எழுதி ஒட்டினேன். ஆலையை மூடுகிறார்களா என்று கேட்கிறார்கள்."

நீங்கள் எழுதிய வாக்கியம் காரணத்தையும் முடியும் நாளையும் சொல்லாமல் நிறுத்தத்தை மட்டும் சொல்வதால்தான் அந்தச் சந்தேகம் எழுந்திருக்கிறது. அதனால் காரணத்தை முதலில் வைத்து இப்படி எழுதலாம்: "கொதிகலன் பராமரிப்புக்காக, வெள்ளிக்கிழமை இரண்டாம் ஷிஃப்ட் இரவு 10 மணிக்கு முடிந்ததும் இயந்திரங்கள் நிறுத்தப்படும். அன்றிரவு மூன்றாம் ஷிஃப்ட் கிடையாது. சனி, ஞாயிறு வேலை இல்லை. திங்கள் காலை 7 மணிக்கு முதல் ஷிஃப்ட் தொடங்கும்."

ஆங்கிலக் குறிப்பில் ஒரே வரியாக இருப்பதை நான்காக உடைப்பதற்குக் காரணம் மூன்றாம் ஷிஃப்ட்தான். வெள்ளி இரவு தொடங்கிச் சனி காலை முடியும் அதைச் சிலர் வெள்ளிக் கணக்கிலும் சிலர் சனிக் கணக்கிலும் வைப்பார்கள். தேதி மட்டும் போட்டால் பாதிப் பேர் வாசலில் வந்து நிற்பார்கள். ஒவ்வொரு கிழமைக்கும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். ஆலைப் பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்பதையும் எழுதுங்கள். புது நேரத்தை அதை வைத்துத்தான் நினைவில் கொள்வார்கள்.

கூலி பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். அந்த நாட்கள் சம்பளத்துடன் கூடிய விடுப்பா, பின்னர் ஈடுசெய்ய வேண்டியதா, வேலை தர முடியாததால் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் லே-ஆஃபா என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். லே-ஆஃப் என்றால் தகுதியுள்ள தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதிதான் இழப்பீடு என்பதால், "விடுமுறை" என்ற சொல்லை நீங்களாகப் போட்டுவிடாதீர்கள்.