ஐ.வி.எஃப். சிகிச்சைக்கு லீவு தர மறுக்க முடியுமா?

“கோவையில் ஒரு தனியார் மென்பொருள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மொத்தம் நாற்பது பேர். அடுத்த மாதம் ஐ.வி.எஃப். தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மேனேஜரோ ‘இதற்கெல்லாம் லீவு கிடையாது’ என்கிறார். சட்டப்படி தர வேண்டாமா? பலிக்காவிட்டால் வாடகைத் தாய் முறைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு. அதற்காவது லீவு உண்டா?”

குழந்தைப்பேறு சிகிச்சைக்கென்று தனி லீவு எதையும் நம் நாட்டுச் சட்டம் தனியார் நிறுவனங்கள் மீது விதிக்கவில்லை. அந்த அளவில் மேனேஜர் சொல்வது சரி. ஆனால் ‘லீவே கிடையாது’ என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி உங்களுக்கு ஆண்டுக்கு 12 நாள் உடல்நலக் குறைவு லீவும் 12 நாள் தற்செயல் லீவும் சம்பளத்தோடு உண்டு. ஓராண்டு பணி முடித்திருந்தால் இன்னொரு 12 நாள் சம்பள விடுமுறையும் சேரும்.

இதைச் சிகிச்சையின் போக்கோடு பொருத்திப் பாருங்கள். மாதவிலக்கின் இரண்டாம் நாள் வாக்கில் ஊசி தொடங்கி, சுமார் பத்து நாள் போகும். இடையில் நாலைந்து முறை ஸ்கேன். பெரும்பாலும் காலையில்தான் வரச் சொல்வார்கள், அதனால் ஒன்றிரண்டு மணி நேர பெர்மிஷன் போதும். கருமுட்டை எடுக்கும் நாளில் மயக்க மருந்து கொடுப்பார்கள். அன்றும் மறுநாளும் கண்டிப்பாக லீவு வேண்டும், அதை உடல்நலக் குறைவு லீவாகவே கேளுங்கள். சிலருக்கு முட்டை எடுத்தபின் வயிறு வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேரும்படி ஆகிவிடும். அதற்காக அந்தக் கணக்கில் சில நாட்களை மீதம் வைத்திருங்கள்.

கருவை வைத்தபின் இரண்டு வாரம் படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். படுத்தே இருப்பதால் கரு நன்றாக ஒட்டும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. உங்கள் டாக்டர் தனிக் காரணம் எதுவும் சொல்லாவிட்டால், இருக்கிற லீவையெல்லாம் அங்கே கரைத்துவிடாதீர்கள்.

சான்றிதழில் ‘ஐ.வி.எஃப்.’ என்று எழுதியே தீர வேண்டும் என்பதில்லை. ‘மருத்துவச் சிகிச்சை, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஓய்வு தேவை’ என்றாலே போதும். விண்ணப்பத்தை வாய்மொழியாக விடாமல் மெயிலில் அனுப்புங்கள்.

கரு ஒட்டி வளரத் தொடங்கிவிட்டால் நிலைமை மாறுகிறது. அங்கிருந்து மகப்பேறு சட்டம் உங்களோடு வரும். 1961ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் உங்கள் அலுவலகம் அதற்குக் கட்டுப்பட்டது. ஏழாவது வாரத்தில் உதிரப்போக்கு வந்து கரு கலைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் முதல் ஆறு வாரம் சம்பளத்தோடு லீவு உங்கள் உரிமை. உடல் தேறாமல் போனால் மேலும் ஒரு மாதம் வரை கேட்கலாம். பலர் இதை அறியாமலே சொந்த லீவைப் போட்டுவிட்டு நான்காம் நாள் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘கருச்சிதைவு’ என்ற சொல்லும் தேதியும் இருக்கும்படி டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ‘ஐ.வி.எஃப். பலனளிக்கவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த லீவைக் கேட்பது கடினம். கரு ஒட்டவே இல்லையென்றால் இந்த ஆறு வாரம் பொருந்தாது. மனம் அன்றும் அதே அளவுதான் உடைந்திருக்கும், சட்டம் இன்னும் அதைப் பார்க்கவில்லை.

அப்புறம் வாடகைத் தாய் விஷயம். 2013இல் சென்னைத் துறைமுக ஊழியர் ஒருவர் வழக்கில், வாடகைத் தாய் மூலம் குழந்தை பெற்றவருக்கும் தத்தெடுத்தவரைப் போல லீவு தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு தீர்ப்பளித்தார். மகப்பேறு சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம் அதை அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட எல்லா நிறுவனங்களுக்குமான விதியாக்கியது. குழந்தை உங்கள் கைக்கு வரும் நாளிலிருந்து 12 வாரம் சம்பளத்தோடு லீவு. அதற்கு முந்தைய ஓட்டங்களுக்கு இதில் இடமில்லை. மத்திய அரசு ஊழியருக்கு 2024 ஜூன் முதல் 180 நாள் கிடைக்கிறது, அப்பாவுக்கும் 15 நாள் உண்டு. தனியார் துறைக்கு அது பொருந்தாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த 12 வாரத்துக்குச் சட்டம் சொல்லும் தாய், தன் சொந்தக் கருமுட்டையைக் கொடுத்தவர். 2024இல் வாடகைத் தாய் விதிகள் மாறி, மருத்துவக் காரணம் இருந்தால் மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்றோடு தம்பதியில் ஒருவருக்குக் கருமுட்டையையோ விந்தணுவையோ தானமாகப் பெறலாம் என்று ஆகியிருக்கிறது. லீவுச் சட்டத்தின் வாசகமோ அப்படியே நிற்கிறது. தான முட்டை தேவைப்படும் என்று டாக்டர் சொன்னால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அலுவலகத்திடம் லீவுக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.