CF4, SF4, XeF4: நான்கு ஃப்ளூரின் இருந்தும் வடிவம் ஏன் மாறுகிறது?

கேள்வி: "CF4, SF4, XeF4 மூன்றிலும் மைய அணுவைச் சுற்றி நான்கு ஃப்ளூரின்தானே? மூன்றுக்கும் நான்முகி, முனைவற்றது என்று ஒர்க்ஷீட்டில் எழுதினேன். SF4-க்கு முழுத் தப்பு, XeF4-க்குப் பாதி மதிப்பெண். எங்கே கோட்டை விட்டேன்?"

மிச்சமாகும் எலக்ட்ரான் புள்ளிகளில். காரைக்குடியில் வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். இந்த மூன்றும் ஒரே தாளில் வந்தால் என் பிள்ளைகளிலும் பாதிப் பேர் நீங்கள் எழுதியதைத்தான் எழுதுவார்கள்.

முதலில் எண்ணிவிடுவோம். வெளிக்கூட்டில் கார்பனுக்கு 4 எலக்ட்ரான், கந்தகத்துக்கு 6, செனானுக்கு 8. நான்கு ஃப்ளூரினுக்கும் சேர்த்து 28. ஆக மொத்தம் 32, 34, 36. இப்போது செலவு: நான்கு பிணைப்புக்கு 8 புள்ளி, ஒவ்வொரு ஃப்ளூரினையும் சுற்றி 6 வீதம் 24. 32 தீர்ந்தது. CF4-ல் கையில் ஒன்றும் மிச்சமில்லை. SF4-ல் 2 மிச்சம், XeF4-ல் 4 மிச்சம். அவை மைய அணுவின் மேல்தான் உட்கார வேண்டும்.

"எட்டு வந்துருச்சே சார், அப்புறம் எதுக்கு இன்னும் ரெண்டு?" என்று இந்த இடத்தில் ஒருவன் கட்டாயம் கேட்பான். எட்டோடு நிறுத்தியாக வேண்டியது கார்பன் இருக்கும் இரண்டாம் வரிசைத் தனிமங்கள்தான். கந்தகமும் செனானும் அதற்குக் கீழே இருப்பவை, அவற்றைச் சுற்றி எட்டுக்கு மேல் போடலாம். வரைந்து முடித்ததும் தாளில் உள்ள புள்ளிகளைத் திரும்ப எண்ணுங்கள், ஒரு கோட்டுக்கு இரண்டு என்று வைத்து. SF4-க்கு 32 வந்தால் ஒரு எலக்ட்ரான் இரட்டையை விழுங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மைய அணுவைச் சுற்றியுள்ள இரட்டைகள் ஒன்றையொன்று தள்ளி, முடிந்தவரை விலகி நிற்கும். CF4-ல் நான்கு இரட்டை, அதனால் நான்முகி. நான்கு C–F பிணைப்பும் முனைவுள்ளவைதான், ஆனால் நான்கு இழுப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. இது சரி.

SF4-ல் ஐந்து இரட்டை. அவை முக்கோண இருபிரமிடாக நிற்கும்: நடுவில் 120 பாகையில் மூன்று இடம், மேலே ஒன்று, கீழே ஒன்று. தனித்த இரட்டை எங்கே போகும்? உச்சியில் வைத்தால் 90 பாகையில் மூன்று பிணைப்புகள் அதை நெருக்கும். நடு வரிசையில் வைத்தால் இரண்டுதான். அதனால் நடு வரிசை. மிச்சமுள்ள நான்கு ஃப்ளூரினும் சேர்ந்து பூங்காவில் இருக்கும் சீசா மாதிரித் தெரியும். மேல், கீழ் பிணைப்புகளின் இழுப்பு ஏறக்குறைய ஈடாகிவிடும். நடுவில் உள்ள இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் ஈடாகாது. அதனால் முனைவுள்ளது, அளந்த இருமுனைத் திருப்புத்திறன் 0.63 டிபை. ஒன்றைக் கவனியுங்கள்: இரட்டையைத் தவறாக உச்சியில் வைத்தாலும் 'முனைவுள்ளது' என்றுதான் விடை வரும். முனைவு சரியாக வந்ததால் வடிவமும் சரி என்று நினைத்துவிடாதீர்கள்.

XeF4-ல் கதை வேறு. ஆறு இரட்டை, எண்முகி ஏற்பாடு, அதில் இரண்டு தனித்தவை. எங்கள் வீட்டுப் பட்டாலையில்தான் வகுப்பு நடக்கிறது, கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஒரு கல்லைக் காட்டிச் சொல்வேன்: பூவின் நடுவில் செனான், நான்கு மூலையிலும் ஃப்ளூரின், கல்லுக்கு மேலே ஒரு தனித்த இரட்டை, மண்ணுக்குள் இன்னொன்று. தனித்த இரட்டைகள்தான் ஒன்றையொன்று அதிகம் தள்ளுபவை, அதனால் 180 பாகை விலகி நிற்கின்றன. இதுதான் தளச்சதுரம். எதிர் மூலைகள் ஒன்றையொன்று ஈடுகட்ட, மேல் இரட்டையைக் கீழ் இரட்டை ஈடுகட்ட, முனைவற்றது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்து இடங்களில் வைத்து வரைந்தால் சீசா வந்துவிடும், முனைவும் தப்பாகிவிடும்.

உங்களுக்குக் கிடைத்த பாதி மதிப்பெண் 'முனைவற்றது' என்பதற்காகத்தான் இருக்கும். வடிவம் தப்பாக இருந்தும் முனைவு சரியாக அமைந்தது தற்செயல்.

அடுத்த கேள்வியாகப் பெரும்பாலும் SF4-ன் பிணைப்புக் கோணத்தைக் கேட்பார்கள். 120, 180 என்று அப்படியே எழுதாதீர்கள். தனித்த இரட்டை மற்றவற்றை நெருக்கித் தள்ளுவதால் நடுக்கோணம் சுமார் 102 பாகைக்கும், மேல்–கீழ் கோணம் சுமார் 173 பாகைக்கும் சுருங்கிவிடுகிறது. இந்த எண்களைப் புள்ளிப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, 'குறையும்' என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஒர்க்ஷீட்டில் "120-ஐ விடக் குறைவு, 180-ஐ விடக் குறைவு" என்று எழுதினால் போதும்.