எக்ஸ் தேதிக்கு முந்தைய இருப்பு: டிவிடெண்ட் பேரேடு கேள்வி பதில்

அக்கா, புரோக்கர் பட்டியலை எடுத்துப் பேரேட்டில் தானாக எழுதும் சிறு நிரல் வைத்திருக்கிறேன். வங்கியில் டிவிடெண்டாக 162 வந்தது. நிரல் 108 என்கிறது. எங்கே தவறு?

உங்கள் பட்டியலைப் பார்த்தேன். 120 பங்குகள் இருந்தன. எக்ஸ் தேதி, அதாவது அன்று முதல் வாங்குபவருக்கு இந்த டிவிடெண்ட் கிடைக்காத நாள், 2025 மார்ச் 12. அன்று காலையிலேயே 40 விற்றுவிட்டீர்கள். பணம் ஏப்ரல் 2-இல் வந்தது. பங்குக்கு 1.50, அதில் 10 சதவீத வரிப் பிடித்தம்.

நிரல் பணம் வந்த நாளின் இருப்பான 80-ஐ எடுத்திருக்கிறது. 80 × 1.50 = 120, பிடித்தம் போக 108. ஆனால் எக்ஸ் தேதியில் விற்றாலும் டிவிடெண்ட் உரிமை விற்றவரிடமே இருக்கும். எடுக்க வேண்டியது மார்ச் 11 சந்தை முடிந்தபோது இருந்த 120. மொத்தம் 180, பிடித்தம் 18, கையில் 162.

இரண்டு பதிவுகளாக எழுதச் சொல்லுங்கள்:

```
2025-03-12 dividend
    assets:receivable:dividend    180.00
    income:dividend              -180.00

2025-04-02 dividend
    assets:bank                   162.00
    expenses:tax:withheld          18.00
    assets:receivable:dividend   -180.00
```

வரவேண்டிய கணக்கு பூஜ்யத்துக்கு வந்தால் எல்லாம் சரி. பணம் வந்த பிறகும் அதில் ஏதாவது தொங்கினால் இருப்போ விகிதமோ பிடித்தமோ பிசகியிருக்கிறது. பணம் வந்த நாளில் மட்டும் எழுதுபவர்களுக்கு இந்த எச்சரிக்கை மணி கிடையாது.

ரெக்கார்டு தேதி இருப்பைத்தானே நிறுவனம் பார்க்கிறது? அதையே நானும் எடுக்கிறேன்.

பாதி சரி. நிறுவனம் பார்ப்பது அன்று பதிவேட்டில் செட்டில் ஆகியிருக்கும் பங்கு. உங்கள் பேரேடோ வாங்கி விற்ற நாளிலேயே எழுதிவிடுகிறது. செட்டில்மென்ட் மறுநாள் நடக்கும் சந்தைகளில் பெரும்பாலும் எக்ஸ் தேதியும் ரெக்கார்டு தேதியும் ஒரே நாள். மேலே சொன்ன 12-ஆம் தேதி விற்பனைக்குப் பிறகு உங்கள் ஏட்டில் 80. பதிவேட்டில் அன்றும் 120. வர்த்தக நாளில் எழுதுபவர் எக்ஸ் தேதிக்கு முந்தைய நாளை எடுப்பதுதான் பாதுகாப்பு.

எக்ஸ் தேதிக்கு முதல் நாள் வாங்கி, மறுநாள் விற்றால் லாபமா?

அது பேரேட்டுக் கேள்வி அல்ல. விலை ஏறக்குறைய டிவிடெண்ட் அளவுக்கு இறங்கித்தான் தொடங்கும். வேறு இழையில் கேளுங்கள்.

நாற்பது ஆண்டு கணக்கு எழுதியவன் நான். கைக்கு வராததை வருமானமாக எழுதுவது வீண் வேலை. வங்கிக்கு வந்த நாளில் ஒரு வரி போதும்.

ஐயா, பணம் வந்த நாளில்தான் வருமானம் என்று எடுக்கும் வரி விதி உள்ளவர்களுக்கு அது சரியான வாதம். ஆனால் வராத டிவிடெண்டை உங்கள் முறை எப்படிக் காட்டும்? பழைய வங்கிக் கணக்கு எண் பதிவாகியிருந்ததால் எனக்கு ஒரு தொகை திரும்பிப் போனது. வரவேண்டிய கணக்கில் நின்றதால்தான் தெரிந்தது.

தொங்குவதைக் காட்ட ஒரு நினைவூட்டுப் பட்டியல் போதும். வருமானக் கணக்கைத் தொட வேண்டியதில்லை. ஆண்டுக் கடைசியில் எக்ஸ் தேதி, அடுத்த ஆண்டில் பணம் என்றால் என்ன செய்வீர்கள்?

அங்கே என் முறை இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வரிக்காகப் பண நாளை வைத்துத் தனியாகக் கூட்டுகிறேன். உங்கள் பட்டியல் யோசனை மோசமில்லை. அதைப் புதுப்பிக்க மறக்காதவர் வேண்டும். நான் அப்படிப்பட்டவள் அல்ல.

பழைய ஆண்டு டிவிடெண்டுகளை மீண்டும் இறக்கினேன். எல்லாம் பாதியாகத் தெரிகிறது!

நடுவில் பங்குப் பிரிப்பு நடந்திருக்கும். பல தரவு மூலங்கள் பழைய டிவிடெண்டையும் பிரிப்புக்கு ஏற்பக் குறைத்துவிடும். அன்று 50 பங்குக்கு 4 வீதம் 200 வாங்கினீர்கள். ஒன்று இரண்டான பிறகு அதே டிவிடெண்ட் 2 என்று வரும். பழைய இருப்பு 50-உடன் பெருக்கினால் 100. நானும் இப்படி மூன்று ஆண்டுப் பதிவுகளை மேலெழுதி, வங்கி அறிக்கைகளை வைத்து ஒரு வார இறுதி முழுக்கத் திருத்தினேன். அறிவிப்பில் வந்த தொகையை அன்றே எழுதிப் பூட்டிவிடுங்கள்.

நிரலை இரண்டு முறை ஓட்டினால் இரட்டைப் பதிவு வருகிறது.

கணக்கு, பங்குக் குறியீடு, எக்ஸ் தேதி, டிவிடெண்ட் வகை நான்கையும் சேர்த்து அடையாளம் வையுங்கள். ஏற்கெனவே இருந்தால் எழுதக் கூடாது. வகையை விட்டால், ஒரே நாளில் வரும் வழக்கமான டிவிடெண்டும் சிறப்பு டிவிடெண்டும் ஒன்றையொன்று விழுங்கும்.

மேடம், பணம் வந்த நாளின் இருப்பை எடுத்தால் போதுமா?

போதாது. முதல் பதிலைப் பாருங்கள்.

டிவிடெண்ட் பணமாக வராமல் பங்காகவே மறுமுதலீடு ஆகிறது. இருப்பைத் தற்போதைய பட்டியலிலிருந்து எடுக்கலாமா?

தற்போதைய பட்டியல் வேண்டவே வேண்டாம். இதை இன்று மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். முந்தைய மறுமுதலீட்டில் வந்த பின்னப் பங்குகளும் எக்ஸ் தேதிக்கு முந்தைய இருப்பில் சேரும். ஏப்ரல் 2 பதிவில் வங்கி இருக்கும் இடத்தில் பங்கு வாங்கிய கணக்கை வையுங்கள். மற்ற இரண்டு வரிகளும் அப்படியே இருக்கட்டும்.