சிசிஐஇ லேப் தேர்வு: பிங் போவதும் மதிப்பெண் வருவதும் வேறு வேறு

ஈசூனிலிருந்து: எழுத்துத் தேர்வு பாஸ். லேபில் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லைதானே அண்ணா?

பாதி சரி தம்பி. எண்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லேப் மொத்தம் 8 மணி நேரம். முதல் 3 மணி நேரம் டிசைன் பகுதி. அங்கே ரவுட்டரே கையில் இருக்காது. ஒரு நிறுவனத்தின் வரைபடங்களையும் மின்னஞ்சல்களையும் படித்து விடை தேர்ந்தெடுப்பதுதான் வேலை. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்ப முடியாது. அடுத்த 5 மணி நேரம்தான் கட்டளை அடிக்கும் பகுதி. இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும், மொத்தத்திலும் வேண்டும். கன்ஃபிக் நன்றாக வரும் என்று டிசைனை விட்டுவிடாதீர்கள்.

தெம்பனிஸ்: போன தடவை எல்லா பிங்கும் போனது, ஆனாலும் ஃபெயில். மதிப்பெண் போட்டதில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்.

உங்கள் வினாத்தாளை நான் பார்க்கவில்லை. ஆனால் பிங் போயும் மதிப்பெண் போகும் இடம் ஒன்று எனக்குத் தெரியும். R1, R2 இரண்டுமே ஈஐஜிஆர்பிக்கும் ஓஎஸ்பிஎஃபுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ரீடிஸ்ட்ரிபியூட் செய்கின்றன என்று வையுங்கள். ஈஐஜிஆர்பி பக்கம் 172.20.0.0/16 வெளியிலிருந்து வந்த ரூட், அதனால் அதன் டிஸ்டன்ஸ் 170. R1 அதை ஓஎஸ்பிஎஃபுக்குள் தள்ளுகிறது. R2-க்கு அது 110 டிஸ்டன்ஸில் வந்து சேர்கிறது. சிறிய எண்தான் மேல், அதனால் 110 ஜெயித்துவிடும். பக்கத்திலேயே நேர்வழி இருந்தும் R2 ஓஎஸ்பிஎஃபைச் சுற்றி R1 வழியாகப் போகும். பிங் போகும், ஆனால் நேர்வழியில் போக வேண்டும் என்று கேள்வி கேட்டிருந்தால் அந்த டாஸ்க் போச்சு. பாதி செய்ததற்குப் பாதி மதிப்பெண் கிடையாது. R2-வில் இதை அடித்துப் பாருங்கள்:

```
show ip route 172.20.0.0
traceroute 172.20.1.1
```

முதல் வெளியீட்டில் `Known via "ospf 1", distance 110` என்று வந்தால் இதுதான் சிக்கல்.

ஜூரோங்: டேக் போட்டால் தீர்ந்ததே, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

டேக் போட்டு, அதை ஈஐஜிஆர்பிக்குத் திரும்பும் இடத்தில் மட்டும் மறித்தால், ரூட் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதால் வரும் லூப் நிற்கும். R2 சுற்றுவழியில் போவது நிற்காது, ஏனென்றால் 110-க்கும் 170-க்கும் உள்ள போட்டி அப்படியே இருக்கிறது. ரூட்டிங் டேபிளுக்குள் நுழையும் இடத்திலேயே மறிக்க வேண்டும். இரண்டு ரவுட்டரிலும் இதைப் போடுங்கள்:

```
route-map E2O permit 10
 set tag 90
route-map NOBACK deny 10
 match tag 90
route-map NOBACK permit 20
router ospf 1
 redistribute eigrp 100 subnets route-map E2O
 distribute-list route-map NOBACK in
```

டேபிளில் ஏறாத ரூட் ஈஐஜிஆர்பிக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை, அதனால் லூப்பும் சேர்ந்தே அடங்கிவிடும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. R2-வின் ஈஐஜிஆர்பி இணைப்பு அறுந்தால் R1 வழியாகப் போகும் மாற்றுவழியும் இருக்காது. அந்த மாற்றுவழி வேண்டும் என்று கேள்வி சொன்னால் வடிகட்டாமல் டிஸ்டன்ஸை மாற்ற வேண்டும். அதிலும் மறுபக்கத்து வெளி ரூட்களுக்கு இதே நோய் தலைகீழாக வந்துவிடும். எது மேல் என்று என்னிடம் கேட்டால், கேள்வியை இன்னொரு தடவை படியுங்கள் என்பேன்.

உட்லண்ட்ஸ்: நான் சிசிஎன்ஏ எழுதப் போகிறேன் அண்ணா. இதெல்லாம் எனக்கும் வருமா?

வராதும்மா. டிஸ்டன்ஸ் எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு அது போதும்.

செங்காங்: இரவு ஷிப்டில் இருக்கிறேன், நடுவில் ரிசர்விஸ்ட் வேறு கூப்பிடுவார்கள். தேதியை எப்போது போடுவது? கம்பெனி ஒரு முயற்சிக்குத்தான் பணம் தரும்.

கோர் எழுத்துத் தேர்வை இங்கே சிங்கப்பூரிலேயே எழுதலாம். அதை பாஸ் செய்த நாளிலிருந்து 3 வருடம் அது செல்லும். அதற்குள் லேபை முடிக்க வேண்டும், அதனால் அந்தக் கடைசித் தேதியை முதலில் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். லேபுக்குப் பலரும் பெங்களூரு போகிறார்கள். சில நாட்களுக்கு மட்டும் போடும் நடமாடும் மையம் பக்கத்தில் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதி போட எனக்கு ஒரே அளவுகோல்தான். வீட்டில் 5 மணி நேரம் வைத்து முழு வினாத்தாள் ஒன்றைச் செய்து பாருங்கள். நாலு மணி நேரத்தில் எல்லாம் கட்டி முடித்து, மிச்ச நேரத்தில் ஒவ்வொரு டாஸ்க்கையும் முதலிலிருந்து சரிபார்க்க முடிந்தால் தேதி போடலாம். பதினெட்டாவது டாஸ்க் மூன்றாவதைக் கெடுத்திருப்பது அந்தக் கடைசி மணி நேரத்தில்தான் கண்ணில் படும். ஷிப்ட் முடிந்து வந்த காலையில் இந்தச் சோதனை வேண்டாம், அந்த நேரக் கணக்கை நம்ப முடியாது. ரிசர்விஸ்ட் கடிதம் வந்திருந்தால் அது முடிந்து குறைந்தது ஆறு வாரம் தள்ளிப் போடுங்கள். அதற்குள் கையில் வேகம் திரும்பிவிடும் என்பது என் கணிப்பு, மற்றவர்களுக்கு வேறு மாதிரி இருந்தால் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்: எனக்கு ஆறு வாரம் பத்தவில்லை அண்ணா, மூன்று மாதம் ஆனது.

சரி, அப்படியென்றால் செங்காங் தம்பி, உங்கள் மேலாளரிடம் கேட்கும்போது மூன்று மாதம் என்றே சொல்லிவையுங்கள்.