அணில் உங்களுடையது, அதன் ஆட்டம் யாருடையது?

கேள்வி: வீட்டிலிருந்தே ஸ்டிக்கர் வரைகிறேன். மூன்று வருடம் முன்பு ஒரு அணில் கேரக்டரை வரைந்து டெலிகிராமில் இலவசமாகப் போட்டேன். அதைப் பார்த்து கோயம்புத்தூர் இனிப்புக் கம்பெனி ஒன்று, அதே அணில் தங்கள் லட்டோடும் அல்வாவோடும் வருகிற மாதிரி 24 அனிமேட்டட் வாட்ஸ்அப் ஸ்டிக்கர் கேட்டது. ஒன்றுக்கு 2,000 வீதம் 48,000 ரூபாய் என்று போனில் பேசினோம். 24,000 வந்தது, மீதி எட்டு மாதமாக வரவில்லை. இப்போது அணிலை ஸ்வீட் பாக்ஸிலும் அச்சடித்துவிட்டார்கள். கேட்டால், “எல்லா உரிமையும் கம்பெனிக்கே என்று பர்ச்சேஸ் ஆர்டரில் போட்டிருக்கிறது. டிரேட்மார்க்குக்கும் கொடுத்துவிட்டோம். இனி நீங்கள் அந்த அணிலை விற்கக் கூடாது” என்கிறார்கள். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அந்த ஆர்டருக்கு வாட்ஸ்அப்பில் “ஓகே சார்” என்று அனுப்பியதோடு சரி. அணிலை வைத்து நானே ஒரு பேக் விற்கலாமா? – வாசகி, விருதுநகர்

பதில்: அணிலை விற்கலாம். அந்த 24 ஸ்டிக்கரை அப்படியே விற்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடுதான் உங்கள் வழக்கே. அது எங்கே விழுகிறது என்று தெரியாமல் நோட்டீஸ் அனுப்பினால், அதை வைத்தே உங்கள் மேல் அவர்கள் வழக்குப் போட முடியும்.

1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. அணிலை நீங்கள் வரைந்தது யாரும் கேட்டு அல்ல, யாரிடமும் சம்பளத்துக்கு இருந்தும் அல்ல. ஆகவே அந்தக் கோட்டோவியம் உங்களுடையது என்பதில் சிக்கல் இல்லை. சிக்கல், அதை ஆட வைத்ததில் வருகிறது. காசு கொடுத்து ஒருவர் செய்யச் சொன்ன புகைப்படம், பெயின்டிங், உருவப்படம், செதுக்கோவியம், திரைப்படம் ஆகியவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று அதே 17-ஆம் பிரிவு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. ‘திரைப்படம்’ என்றால் தியேட்டரில் ஓடுவது என்று நினைத்து இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சட்டத்தின் 2-ஆம் பிரிவில் அந்தச் சொல்லுக்குத் தரும் விளக்கம், நகரும் பிம்பங்களை எந்த முறையில் பதிந்து வைத்தாலும், மின்னணு முறையில் சேமித்தாலும்கூட, அதற்குள் கொண்டுவந்துவிடும். மூன்று வினாடி தலையாட்டும் அணிலும் நகரும் பிம்பம்தான். அசையாத ஸ்டிக்கராக இருந்திருந்தால் கம்பெனிக்கு இந்தத் திரைப்பட வாதமே கிடைத்திருக்காது.

அதனால், ஆடும் 24 கோப்புகளும் தங்களுடையவை என்று கம்பெனி வாதாட இடம் இருக்கிறது. அந்த வாதத்தில் அவர்கள் ஜெயித்தாலும் அணில் அவர்களுக்குப் போகாது. 2012-இல் சட்டத்தைத் திருத்தியபோது 17-ஆம் பிரிவில் ஒன்றைச் சேர்த்தார்கள்: ஒரு படத்துக்குள் சேர்க்கப்பட்ட இலக்கிய, நாடக, இசை, ஓவியப் படைப்புகளில் அவற்றின் ஆசிரியருக்கு உள்ள உரிமையை இந்த விலக்கு பாதிக்காது. அசைவு அவர்களுடையதே என்றானாலும் அதற்குள் இருக்கும் ஓவியம் உங்களிடம்தான் நிற்கும். உங்களுக்கு இதைவிடப் பலமான வரி சட்டத்தில் இல்லை. நோட்டீஸை இதன் மேல்தான் கட்ட வேண்டும்.

பர்ச்சேஸ் ஆர்டருக்கு வருவோம். உரிமையை எழுதிக் கொடுப்பவர் கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் உரிமை மாறாது என்கிறது 19-ஆம் பிரிவு. அவர்கள் தங்கள் காகிதத்தில் தாங்களே அச்சடித்துக்கொண்ட வரி அதற்குப் போதாது. “ஓகே சார்” என்பதையே மின்னணு ஒப்புதலாக, கையெழுத்துக்குச் சமமாக, அவர்கள் வக்கீல் காட்டப் பார்ப்பார். வேலையை ஏற்றுக்கொண்டதற்கு அது சாட்சி, உரிமையை எழுதிக் கொடுத்ததற்கு அல்ல என்பது நம் பதில். ஒருவேளை நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தாலும், காலம் சொல்லாத ஒப்படைப்பு 5 வருடம்தான், இடம் சொல்லாதது இந்தியாவுக்கு மட்டும்தான் என்று அதே பிரிவு வரம்பு கட்டியிருக்கிறது. அந்த ஆர்டரில் காலமும் இடமும் எழுதியிருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.

இனி ஸ்வீட் பாக்ஸ். வாட்ஸ்அப் ஸ்டிக்கராகப் பயன்படுத்தத்தான் கேட்டார்கள், அதற்குத்தான் விலை பேசினீர்கள். அந்த அளவுக்கு அவர்களுக்கு அனுமதி உண்டு என்பதை மறுக்காதீர்கள். பாதிப் பணம் வாங்கியிருக்கிறீர்கள். பாக்ஸில் அச்சடிக்க யாரும் அனுமதி தரவில்லை. ஒரு பாக்ஸை வாங்கி, பில்லோடு பத்திரப்படுத்துங்கள். பிறகு ஸ்கேலை வைத்து அணிலை அளந்து பாருங்கள். வாட்ஸ்அப் ஸ்டிக்கர் 512க்கு 512 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்கிற அச்சுத் தரத்தில் அது ஏறக்குறைய 4.3 சென்டிமீட்டருக்குத்தான் வரும். பாக்ஸில் 12 சென்டிமீட்டருக்கு விளிம்பு பிசிறாமல் நின்றால், அது நீங்கள் கொடுத்த ஸ்டிக்கர் கோப்பிலிருந்து நேராக வந்திருக்காது. யாரோ உங்கள் அணிலைப் பார்த்துத் திரும்ப வரைந்திருக்க வேண்டும், அதுவும் நகல்தான். அல்லது நீங்களே லேயரோடு மூலக் கோப்பை அனுப்பியிருக்க வேண்டும். மூலக் கோப்பு கொடுத்திருந்தால் முதலிலேயே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். “வேறு உபயோகத்துக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்” என்று அவர்கள் அதைத்தான் முதலில் எடுத்துவைப்பார்கள்.

அணில் ஆர்டருக்கு முந்தியது என்பதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. டெலிகிராம் பேக்கின் இணைப்பு, அது முதலில் பகிரப்பட்ட தேதி தெரியும் சாட், முதல் வரைவின் கோப்பு மூன்றும் வேண்டும். கோப்பைத் திறந்து ‘சேவ்’ கொடுத்துவிடாதீர்கள், தேதி மாறிவிடும். ஒரு நகல் எடுத்து, நகலைத்தான் திறக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணர் ஒருவரும் நிரப்புவீர்கள்; அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணையும், குறிப்பிட வேண்டும். விண்டோஸ் கணினியில் அதை இப்படி எடுக்கலாம் (கோப்பின் பெயரை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்):

```
certutil -hashfile anil_v1.ai SHA256
```

வரும் நீண்ட எண்ணை இன்றே உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்தாலும், அது இருக்கும் போனை வழக்கு முடியும் வரை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

அவசரம் எதிலாவது இருக்கிறது என்றால் அது டிரேட்மார்க்கில்தான். விண்ணப்பம் கொடுத்ததாலேயே அணில் அவர்களுடையதாகிவிடாது. டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் தேடினால் விண்ணப்ப எண்ணும் நிலையும் தெரியும். அது டிரேட்மார்க் ஜர்னலில் வெளியான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் எதிர்ப்பு தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் கெடு நீளாது. காப்புரிமைச் சட்டத்தால் தடுக்கக்கூடிய குறியைப் பதியக் கூடாது என்று டிரேட்மார்க் சட்டத்தின் 11-ஆம் பிரிவே சொல்வதால், உங்கள் எதிர்ப்புக்கு அடிப்படை தயாராக இருக்கிறது. இன்னும் ஜர்னலில் வரவில்லை என்றால் வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள்.

நோட்டீஸில் இரண்டு கோரிக்கை போதும். மீதி 24,000 ரூபாய் வேண்டும். பாக்ஸில் அச்சடிப்பதை நிறுத்த வேண்டும், அல்லது அதற்குத் தனி அனுமதிக் கட்டணம் பேச வேண்டும். “ஸ்டிக்கர் பேக்கையே எடுத்துவிடு, எடுக்காவிட்டால் கிரிமினல் கேஸ்” என்று கோபத்தில் சேர்க்கத் தோன்றும். வேண்டாம். அந்த இடத்தில்தான் நம் பக்கம் பலவீனம், அதோடு ஆதாரமில்லாமல் மிரட்டினால் மிரட்டப்பட்டவர் வழக்குப் போடலாம் என்று காப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு வழிவிடுகிறது. வழக்குக்காகக் கோயம்புத்தூருக்கு அலையவும் தேவையில்லை. 62-ஆம் பிரிவுப்படி உரிமையாளர் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். உங்களுக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர். கோரும் தொகை 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வணிக வழக்காகிவிடும். உடனடித் தடையாணை கேட்காத பட்சத்தில் முதலில் சமரசத்துக்குப் போய்த்தான் வர வேண்டும்.

மீதிப் பணத்துக்கு ஒரு தனி வழி இருக்கலாம். ஆர்டர் எடுப்பதற்கு முன்பே சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு வைத்திருந்தால், சிறுதொழில் சட்டப்படி 45 நாளைத் தாண்டிய பாக்கிக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் வட்டிக்கு வட்டியாக ஏறும். அதற்கான வசதி மன்றத்தில் மனு கொடுக்கலாம். இனிமேல்தான் பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால் பழைய பாக்கிக்கு அதை நம்ப வேண்டாம். சாதாரண பண வழக்குதான், தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 3 வருடத்துக்குள்.

நீங்கள் விற்கப்போகும் பேக்குக்கு வருகிறேன். டெலிகிராமில் போட்ட பழைய அணிலிலிருந்து தொடங்கி, அசைவுகளைப் புதிதாகச் செய்யுங்கள். கம்பெனிக்குச் செய்த கீ ஃப்ரேமை எடுத்து லட்டை மட்டும் அழித்துவிட்டு விற்பது ஆபத்து; இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓடவிட்டால் ஒரே அசைவு என்று யாருக்கும் தெரிந்துவிடும். கம்பெனி பெயர், லோகோ, பாக்ஸ் டிசைன், அவர்களுடைய விளம்பர வாசகம் எதுவும் வரக் கூடாது. “இனிய தீபாவளி”, “சூப்பர்ல” மாதிரியான வார்த்தைகளுக்கு யாருக்கும் காப்புரிமை கிடையாது, தாராளமாகப் போடலாம். வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் விற்கும் கடை இல்லாததால் தனி ஆப்பாகவோ ஐமெசேஜ் பேக்காகவோதான் காசுக்கு விற்பீர்கள். அந்த ஆப் கடைகளில் கம்பெனி ஒரு புகார் கொடுத்தால் விசாரிக்கும் முன்பே பேக் நீக்கப்பட்டுவிடலாம். பதில் கொடுக்க மேலே சொன்ன பழைய கோப்பும் தேதியும் அன்றைக்கே கையில் இருக்க வேண்டும்.

அடுத்த கம்பெனி கேட்டு வரும்போது, அட்வான்ஸ் வாங்கும் முன் இந்த நான்கு வரியை இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்: “கேரக்டரின் காப்புரிமையும், அனிமேஷன் கோப்புகளின் முதல் காப்புரிமையும் ஓவியரையே சேரும். முழுத் தொகை வந்த நாளிலிருந்து, வாட்ஸ்அப் ஸ்டிக்கராக மட்டும், இந்தியாவில், 2 வருடத்துக்குக் கம்பெனி பயன்படுத்தலாம். அச்சு, பொட்டலம், டிவி, டிரேட்மார்க் பதிவு இதில் சேராது. மூலக் கோப்பு தரப்படாது.” இரண்டு உரிமையையும் ஒரே வரியில் சேர்த்திருப்பது, நான் முதலில் சொன்ன ‘திரைப்பட’ விலக்கை அடைப்பதற்காக. அந்த விலக்கு வேறு ஒப்பந்தம் இல்லாதபோதுதான் வேலை செய்யும்.