நிக்கல், கியூ, ஜெல் ஃபில்ட்ரேஷன்: எது முன்னால், எது பின்னால்?

கேள்வி: ஈ.கோலையில் எடுத்த ஹிஸ் டேக் போட்ட புரதம், 30 கிலோடால்டன், பிஐ 5.6. நிக்கல், அயனிப் பரிமாற்றம், ஜெல் ஃபில்ட்ரேஷன் மூன்றும் செய்ய வேண்டும். எந்த வரிசையில் போவது?

நிக்கல், அப்புறம் அயனிப் பரிமாற்றத்துக்குக் கியூ, கடைசியில் ஜெல் ஃபில்ட்ரேஷன். ஒவ்வொரு குழாயும் என்ன நிலையில் மாதிரியைக் கேட்கிறது, என்ன நிலையில் திருப்பித் தருகிறது என்று பார்த்தால் வரிசை தானாக வரும்.

நிக்கல் ரெசினுக்கு மாதிரி எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை, உப்பு 300 மில்லிமோலார் இருந்தாலும் பிடிக்கும். அதனால் செல் உடைத்த நீர் முழுவதையும் அதில்தான் முதலில் ஏற்ற வேண்டும். வெளியே வருவது சுமார் 10 மில்லி. அதில் அதே 300 உப்பும் 250 இமிடசோலும் இருக்கும்.

இதை அப்படியே கியூவில் ஏற்றினால் புரதம் ஒட்டாமல் ஓடிவிடும். உப்பில்லாத டிரிஸ் பஃபர் (பிஹெச் 8) சேர்த்து ஆறு மடங்காக்குங்கள்: 60 மில்லி, உப்பு 50 மில்லிமோலார். பிஐ 5.6 என்பதால் பிஹெச் 8-இல் உங்கள் புரதம் எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும், 5 மில்லி கியூ குழாயில் நின்றுகொள்ளும். 60 மில்லியா என்று பயப்பட வேண்டாம், அத்தனையும் உள்ளே போய் ஒரு சின்ன பீக்காகத் திரும்பி வரும். நிக்கலிலிருந்து கூடவே வந்த டிஎன்ஏ, ஆர்என்ஏ பெரும்பாலும் இன்னும் அதிக உப்பில்தான் இறங்கும். 260/280 விகிதம் நிக்கலுக்குப் பிறகு 1-க்கு மேல் இருந்து, கியூவுக்குப் பிறகு 0.6 பக்கம் வந்தால் வேலை நடந்திருக்கிறது. நீர்க்கச் செய்யும்போது கலங்கினால் மட்டும் நிறுத்துங்கள்: உங்கள் புரதத்துக்கு அந்த உப்பு போதவில்லை. ஒட்டாமல் ஓடிய நீரை ஜெல்லில் பார்க்கும்வரை கொட்டாதீர்கள்.

நான் ஒருமுறை ஜெல் ஃபில்ட்ரேஷனை நடுவில் வைத்தேன். 120 மில்லி குழாய்க்கு 2 மில்லிக்கு மேல் ஏற்றினால் பீக் அகலும் என்பதால், 10 மில்லியை உட்கார்ந்து செறிவாக்கினேன். வெளியே வந்தது 12 மில்லி, நீர்த்துப்போய், 150 உப்போடு. கியூவுக்காக மறுபடி நீர்க்கச் செய்து, அதற்குப் பிறகு மறுபடி செறிவாக்கி... சந்தேகத்தில் கொஞ்சம் எடுத்து சூப்பர்டெக்ஸ் 75-இல் ஓட்டினால், 60 மில்லி பக்கம் வர வேண்டிய பீக்கோடு 45 மில்லியில் ஒரு குட்டி பீக். அது வாய்டு. செறிவாக்கியபோது கட்டியான புரதம். மறுபடியும் முழுசாக ஓட்டத்தான் வேண்டியிருந்தது.

கட்டிகளை நீக்குவதும், படிகத்துக்கோ அஸ்ஸேக்கோ வேண்டிய பஃபருக்கு மாற்றுவதும் ஒரே ஓட்டத்தில் முடிவது ஜெல் ஃபில்ட்ரேஷனில்தான். அதற்குப் பிறகு இன்னொரு குழாய் போட்டால் இரண்டும் வீண்.

டேக்கை வெட்டுவதாக இருந்தால் நிக்கலுக்கும் கியூவுக்கும் நடுவில் செய்யுங்கள். டேக்கை வெட்டும் டெவ் புரோட்டியேஸ் சேர்த்து இரவு முழுக்க டயாலிசிஸ். காலையில் அதே நிக்கலில் மறுபடி விட்டால் வெட்டிய புரதம் ஓடி வரும், ஹிஸ் டேக் உள்ள டெவ் அங்கேயே தங்கும். டயாலிசிஸ் பஃபரிலேயே உப்பை 50-க்கு இறக்கினால் நீர்க்கச் செய்யும் வேலையும் மிச்சம்.