நாலு பேர், ஒரு மணி நேரம்: மேடை உரையாடலை நெறிப்படுத்துவது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, கொழும்பு வெள்ளவத்தையில் சிறுதொழில் பற்றி ஒரு மணி நேர உரையாடலுக்கு நான் நெறியாளர். ஓய்வுபெற்ற பேராசிரியர், வங்கி அதிகாரி, புறக்கோட்டை மொத்த வியாபாரி, வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்கும் ஒரு தங்கச்சி என நாலு பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம் தொடக்க உரை கொடுத்துவிட்டுக் கேள்விக்குப் போகலாமா?

பதில்: தொடக்க உரையே வேண்டாம். கணக்கைப் பாருங்கள். வரவேற்பும் அறிமுகமும் 5 நிமிடம், சபையின் கேள்விகளுக்கு 15, முடிவுக்கு 3. மிச்சம் 37. நீங்கள் கேள்வி கேட்கவே ஏழு நிமிடம் போகும். ஆக, நாலு பேருக்கும் சேர்த்து 30 நிமிடம், ஆளுக்கு ஏழரை. ஐந்து நிமிட உரை எட்டாக நீளும். அப்போது உரையாடலே நடக்காது.

ஒரு பதில் ஒன்றரை நிமிடம் என்று வைத்தால் ஆளுக்கு ஐந்து முறை பேசலாம், மொத்தம் இருபது முறை. ஒரு தாளில் இருபது வரி போட்டு, ஒவ்வொன்றிலும் யார் பேசுவது என்று முதலில் எழுதுங்கள். கேள்வியைப் பிறகு எழுதலாம். ஒரே கேள்வியை நாலு பேரிடமும் கேட்க வேண்டாம், மூன்றாவது ஆளுக்குச் சொல்ல எதுவும் இருக்காது. ஒரு கேள்விக்கு இரண்டு பேர் போதும். முதலில் பதில் சொல்லும் வாய்ப்பும் சுற்றிவர வேண்டும்.

கேள்வி: வயதில் மூத்தவர் பேராசிரியர். அவரிடம்தானே முதலில் கேட்க வேண்டும்?

பதில்: மரியாதை சரி, ஆனால் முதல் பதிலின் நீளத்தைத்தான் மற்றவர்கள் அளவாக எடுத்துக்கொள்வார்கள். அவர் ஆறு நிமிடம் பேசினால் வங்கி அதிகாரியும் அப்படியே பேசுவார். சுருக்கமாகப் பேசுபவரிடம் தொடங்குங்கள், இங்கே அது வியாபாரியாக இருக்கலாம். பேராசிரியரிடம் முன்கூட்டியே, “ஐயா, மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு நீங்கள் அதைத் தொட்டுப் பேச வேண்டும்” என்று சொல்லி வையுங்கள். அது அவருக்கும் கௌரவம்தான்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? ஏழரை நிமிடம் ஆனதும் மணி அடித்தால் எல்லோருக்கும் சமம்தானே?

பதில்: அளக்க வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மணி, பேசுபவரை மட்டும்தான் நிறுத்தும். பேசாதவரைப் பேச வைக்காது. நான் நாலு பெயரையும் எழுதி, ஒருவர் அரை நிமிடம் பேசும்போதெல்லாம் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவேன். ஏழரை நிமிடத்துக்குப் பதினைந்து கோடு. பாதியில் பார்க்கும்போது பேராசிரியருக்குப் பத்து, அந்தத் தங்கச்சிக்கு நாலு என்றிருந்தால் அடுத்த இரண்டு கேள்வியும் அவருக்குத்தான். அவரிடம் “பொதுவாக என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்காதீர்கள். “முதல் கடை உங்கள் முறுக்கை எடுக்க என்ன நிபந்தனை போட்டது?” என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். அவருக்கான முதல் கேள்வியை முதல் நாளே சொல்லிவிடுவதும் நல்லது.

கேள்வி: நான் ஒருமுறை பேச்சாளராகப் போய்க் கடைசிவரை வாய் திறக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் நிறுத்தவே இல்லை. நான் குறுக்கிட்டிருக்க வேண்டுமா?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. இல்லை, அது நெறியாளரின் வேலை. பேசுபவர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு எடுக்கும் இடத்தில் நெறியாளர் நுழைய வேண்டும். “ஐயா, வட்டி பற்றிச் சொன்னீர்கள், அதே வட்டியை வங்கிப் பக்கமிருந்து கேட்போம்” என்று அவர் சொன்னதை எடுத்தே அடுத்தவரிடம் கொடுக்கலாம். வெறுமனே “நன்றி” என்றால் அவர் “இன்னொன்று” என்று தொடர்வார். நெறியாளர் பேனாவை உயர்த்தினால் வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்று முன்பே எல்லோரிடமும் பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் நிகழ்ச்சியில் ஒருவர் சிங்களத்தில் பேசுவார், பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்வார். அந்த நேரம் யார் கணக்கில்?

பதில்: கொழும்பில் அடிக்கடி வரும் சிக்கல் இது. அவர் ஒன்றரை நிமிடம் பேசினால் மொழிபெயர்ப்போடு மூன்று நிமிடம் போகும். நான் அவர் வாயால் பேசிய நேரத்துக்கு மட்டும் கோடு போடுவேன். அதனால் அவருடைய ஐந்து முறைக்கும் தலா ஒன்றரை நிமிடம், கிட்டத்தட்ட எட்டு நிமிடம், தனியாக ஒதுக்க வேண்டும். அதைச் சபைக் கேள்வி நேரத்திலிருந்து எடுப்பேன். எல்லோருடைய பங்கிலும் குறைக்க வேண்டும் என்று சொல்லும் நெறியாளர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கேள்வி: சபையிலிருந்து வரும் கேள்வி எல்லாம் பேராசிரியருக்கே போகுமே?

பதில்: போகும். மூன்று கேள்விகளைச் சேர்த்து வாங்குங்கள். யார் எதற்குப் பதில் சொல்வது என்று நீங்களே பிரித்துக் கொடுங்கள். கோடு குறைந்தவருக்கு முதலில் கொடுங்கள். பேராசிரியரின் பெயரைச் சொல்லிக் கேட்டவருக்கு மட்டும் அவரே பதில் சொல்லட்டும், ஒரு நிமிடத்தில்.